“நான்தான் தேதி குறிச்சேன்”: பூனையை இழந்த ஒருவரும் அவருடைய நண்பரும், ஒரு நிகழ்வு ஆய்வு

துக்க ஆலோசனைக்காக என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் துக்கத்தில் இருப்பவர்களே. முரளி அப்படி அழைக்கவில்லை. துக்கம் அவருடைய நண்பர் சேகருக்கு. “அவனோட பூனை செத்துப்போச்சு மேடம். பத்து நாள் ஆச்சு. ஆள் சரியில்ல. ஆலோசனைக்கெல்லாம் வரமாட்டான், பூனைக்காகப் போய் டாக்டரைப் பார்க்கணுமான்னு கேட்கிறான். நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். இரண்டு பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், பூனையின் பெயரையும்தான். சேகரை நான் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஆகவே இது ஒரு ஆலோசகர் செய்த வேலையைப் பற்றிய குறிப்பு இல்லை. ஒரு நண்பர் என்ன செய்தார், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பற்றியது.

சேகருக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. தனியாக வசிப்பவர். சிட்டு அவரிடம் குட்டியாக வந்து பதினான்கு வருடம் இருந்த பெண் பூனை. கடைசி ஏழு மாதம் நாள்பட்ட சிறுநீரக நோய். இந்த நோயில் பூனைக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டி வரும். சேகர் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவு ஒன்பது மணிக்கு, தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்வாக இருக்கும் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியைச் செருகி, நூறு மில்லி ஏற்றுவார். முதலில் முதுகில் ஒரு திமில் எழும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு பக்கமாக இறங்கி முன்னங்காலில் போய்த் தொங்கும். காலையில் வடிந்திருக்கும். முதல் மாதம் கை நடுங்கியது என்றும், அப்புறம் ஊசி ஏறும்போதே சிட்டு அவர் மடியில் கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது என்றும் முரளியிடம் சொல்லியிருக்கிறார்.

ஏழாவது மாதம் சிட்டு சாப்பிடுவதை நிறுத்தியது. வாயில் புண், கழிவுகள் ரத்தத்தில் தேங்கினால் வருவது. திரவம் ஏற்றியும் வாந்தி நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் இனி மீட்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஊசி போட்டு உயிரை முடித்துவைப்பதா என்ற முடிவை சேகரிடம் விட்டார். சேகர் இரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரத்தைக் குறித்தார். ஊசி போடும்போது கூடவே இருந்தார்.

அண்ணன் தொலைபேசியில் சொன்னது: “வயசான பூனைதானேடா, விடு.” அலுவலகத்தில் அன்றைக்கு விடுப்பு கேட்டபோது காரணத்தைச் சொல்லக் கூசி, வயிற்றுவலி என்று எழுதினார். மறுநாள் உண்மையான காரணம் தெரிந்த சக ஊழியர் சிரித்துக்கொண்டே, “எனக்குத் தெரிஞ்ச இடத்துல குட்டி இருக்கு, எடுத்துத் தரட்டுமா?” என்றார். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் நான்காவது நாளிலிருந்து சேகர் சிட்டுவைப் பற்றி யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இந்த நிலைக்குத் துறையில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் இதை அங்கீகரிக்கப்படாத துக்கம் என்று விளக்கினார். இழப்பு நடந்திருக்கும், ஆனால் அதற்காக வெளிப்படையாகத் துக்கப்படும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தரமாட்டார்கள். உறவை உறவாக எண்ணாதது, இழப்பை இழப்பாக எண்ணாதது என்று அவர் சொன்ன வகைகளில் வளர்ப்புப் பிராணியின் சாவு இரண்டிலுமே விழும். மனித மரணத்தில் நாலு பேர் வருகிறார்கள், வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள், ‘எப்படி ஆச்சு’ என்று கேட்கிறார்கள். கேட்கக் கேட்கத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். சேகரிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அதனால் அவருடைய துக்கத்துக்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு அழுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்ற வெட்கம். அழுகையைவிட இந்த வெட்கம்தான் ஆளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிறது என்பது என் அனுபவம்.

முரளியிடம் நான் முதலில் சொன்னது ஒன்றே ஒன்று. ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். கேள்வி கேட்கப் போங்கள். பூனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘உன் பூனை’ வேண்டாம், ‘சிட்டு’.

அன்று மாலையே போயிருக்கிறார். “சிட்டுவுக்குக் கடைசில என்னடா ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு” என்று கேட்டிருக்கிறார். சேகர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். நடுவில் முரளி சொன்ன சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். “அப்புறம்?” “அப்போ நீ என்ன பண்ணே?” இவ்வளவுதான். தன் வீட்டு நாய் இறந்த கதையைச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன் என்றார் என்னிடம். நல்ல வேளை. நம் கதையைச் சொன்ன மாத்திரத்தில் கேட்கிற வேலை எதிராளிக்குப் போய்விடும். துக்கத்தில் இருப்பவர் மரியாதைக்காகவாவது ‘ஐயோ பாவம்’ என்று நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பேச்சின் கடைசியில்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. “அது தானா சாகலடா. நான்தான் தேதி குறிச்சேன். நான்தான் கொன்னேன்.”

குற்ற உணர்வு

இந்த நிகழ்வின் மையம் இதுதான். மனித மரணத்துக்கும் வளர்ப்புப் பிராணியின் மரணத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இதுவே. பெற்றோர் இறக்கும் நாளை நாம் குறிப்பதில்லை. பிராணி விஷயத்தில் பல நேரம் குறிக்கிறோம். குறித்தவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அப்போது நண்பர்கள் உடனே எடுத்துக்கொடுக்கும் பதில்: “சேச்சே, நீ சரியாத்தான் செஞ்சே. அதுக்கு விடுதலை கொடுத்திருக்கே.” பதில் தப்பில்லை. ஆனால் விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு. ‘இவனுக்கு முழுசாத் தெரியாது, தெரிஞ்சா இப்படிச் சொல்லமாட்டான்’ என்று கேட்பவர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டார்.

முரளியை வேறு மாதிரி செய்யச் சொன்னேன். விடுதலை கொடுக்காதீர்கள். ‘எதை நினைத்தால் ரொம்ப உறுத்துகிறது?’ என்று கேளுங்கள். குற்ற உணர்வு பொதுவாக இருக்கும்வரை மலைபோல இருக்கும். எந்த நாள், எந்த நிமிடம் என்று பிரித்துவிட்டால்தான் பதில் சொல்லவே முடியும். சேகரிடம் மூன்று இருந்தன.

முதலாவது, ‘நான் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும்.’ சிட்டு அதிகமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததை அவர் கவனித்திருந்தார். வெயிலுக்கு என்று நினைத்திருந்தார். இதற்குப் பதில் மருத்துவத்தில் இருக்கிறது. பூனையின் சிறுநீரகத்துக்கு இருப்புச் சக்தி அதிகம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு ஏறுவதற்குள் வேலைசெய்யும் பகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். தாகம் கூடுவதும் எடை குறைவதும் தெரியவரும்போதே நோய் வெகுதூரம் வந்திருக்கும். பூனை நோவை மறைத்தும் வைத்துக்கொள்ளும். ஆனால் முரளி இதைச் சொல்லிச் சேகரை நம்பவைக்க முடியாது. அவர் நண்பர், மருத்துவர் இல்லை. ஆகவே, “இதை அந்த டாக்டர்கிட்டயே கேட்கலாமா? நானும் வரேன்” என்று சொல்லச் சொன்னேன். சாவுக்குப் பிறகு கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை போய்க் கேட்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மருத்துவர்களில் பெரும்பாலானோர் நின்று பதில் சொல்வார்கள். போனார்கள். சிட்டுவின் பழைய ரத்தப் பரிசோதனைகளை எடுத்து வரிசையாக வைத்து அந்த மருத்துவர் விளக்கினார். முந்தைய வருடப் பரிசோதனையில் எண் சாதாரணமாகவே இருந்தது. சேகர் அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, கடைசி நிமிடம். இதை சேகர் முரளியிடம் சொல்லவே ஒரு வாரம் ஆகியிருக்கிறது. ஊசி போட்ட பிறகு சிட்டுவின் கண் மூடவில்லை. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முடிந்துவிட்டது என்றார். அதற்கு அப்புறம் சிட்டு ஒரு முறை பெரிதாக மூச்சை இழுத்தது. ஒரு கால் துடித்தது. சிறுநீர் கழிந்தது. ‘அதுக்கு உயிர் இருந்திருக்கு, அது போராடியிருக்கு’ என்று ஒவ்வொரு இரவும் அந்தக் காட்சி சேகருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதையும் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டார்கள். முதலில் மயக்க மருந்து. அதன் பிறகு பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தையே மிகை அளவில் ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். நினைவு சில நொடிகளில் போய்விடும். அடுத்து மூச்சு, அதற்கடுத்து இதயம். எல்லாம் ஓரிரு நிமிடங்களில். கண் மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், அதனால் பிராணிகள் பெரும்பாலும் கண் திறந்தபடியே இறக்கின்றன. பின்னால் வரும் மூச்சும் துடிப்பும் மூளைத்தண்டிலும் தசையிலும் மிச்சம் இருக்கும் அனிச்சைச் செயல்கள். அவற்றை உணர உள்ளே யாரும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது மருத்துவரின் கடமை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கலாம், இல்லை, சொல்லியும் அந்த நேரத்தில் சேகர் காதில் விழாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்து, கூடவே இருந்தவர்களை இரவில் தூங்கவிடாமல் செய்வதில் இந்த ஒரு காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் நண்பர் கடைசி நேரத்தில் உடனிருந்தவர் என்றால், ‘அப்போ என்ன பார்த்தே?’ என்று என்றாவது ஒரு நாள், அவசரப்படுத்தாமல், கேட்டுவைப்பது நல்லது.

மூன்றாவதுதான் கடினம். ‘ரெண்டு நாள் முன்னாடியே செஞ்சிருந்தா அவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது’ என்பார். அடுத்த நிமிடமே, ‘இன்னும் ஒரு வாரம் பார்த்திருந்தா தேறியிருக்குமோ’ என்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். சரியான நாள் என்று ஒன்று எங்கேயோ இருந்தது, அதைத் தவறவிட்டோம் என்ற நினைப்பு. அப்படி ஒரு நாள் கிடையாது. ஆனால் அதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இங்கே கைகொடுத்தது ஒரு நோட்டு. ஏழு மாதமும் சேகர் எடை, சாப்பாடு, வாந்தி, ஏற்றிய திரவம் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிவைத்திருந்தார். அதன் கடைசியில் மருத்துவர் கொடுத்த மதிப்பெண் தாள் ஒட்டியிருந்தது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த முறை அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று வளர்ப்பவரே போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேலே இருந்தால் வாழ்க்கைத்தரம் ஏற்கத்தக்கது என்று கொள்வார்கள்.

முரளி அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து கடைசி மூன்று வாரத்தைப் புரட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முரளி கேட்டது ஒரே கேள்வி: “இன்னிக்கு ராத்திரி உனக்கு என்னடா தெரியும்?” மறுநாள் என்ன ஆகப்போகிறது என்பதைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் சேகர் போட்டிருந்த மொத்தம் 41. அடுத்த வாரம் 36. அந்த வாரம் ஒரு நாள் பக்கத்தில் ‘ஜன்னல் வரைக்கும் தானே ஏறினாள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, “இந்த நாள்ல நான் எப்படிடா தேதி குறிப்பேன்?” என்று சேகரே கேட்டார். கடைசிப் பக்கத்தில் 19. பசிக்கு நேராகச் சைபர்.

சேகர் அன்றைக்கு மனம் தெளிந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நோட்டை மூடிவிட்டு அழுதார். ஆனால் அதற்குப் பிறகு ‘கொன்னேன்’ என்ற சொல் குறைந்துபோனதாக முரளி சொன்னார். அந்த இடத்தில் ‘முடிவெடுத்தேன்’ வந்தது. இந்த வழி பலித்ததற்குக் காரணம், சாட்சி சேகரின் கையெழுத்திலேயே இருந்தது. முரளியின் நல்ல மனசை அவர் சந்தேகிக்கலாம், தன் கையெழுத்தைச் சந்தேகிக்க முடியாது. நோட்டு வைத்திராதவர்களுக்குத் தொலைபேசியில் இருக்கும் புகைப்படங்களும் மருத்துவருக்கு அனுப்பிய செய்திகளும் அதே வேலையைச் செய்யும். ஒரு எச்சரிக்கை மட்டும்: இதை முதல் சில நாட்களில் செய்யக் கூடாது. தானாக அந்தக் கேள்விக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். உண்மையிலேயே கவனக்குறைவு நடந்திருந்தாலும் இந்த வழியைத் தொடக் கூடாது. கதவைத் திறந்துவிட்டதால் நாய் வண்டியில் அடிபட்டது என்றால், தாளில் தேடி எடுக்க விடுதலை எதுவும் இருக்காது. அங்கே தப்பையும் அன்பையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர நண்பருக்கு வேறு வேலை இல்லை.

ஒன்பது மணி

பகலில் சேகர் எப்படியோ ஓட்டிவிடுவார். இரவு ஒன்பது அடித்தால் கைக்கு வேலை இருக்காது. அலமாரியில் திறக்காத திரவப் பைகள், ஊசிகள். தூக்கிப்போடவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. மணல் தட்டைக் கீறும் சத்தம் கேட்கிறது, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று ஒரு நாள் முரளியிடம் கேட்டிருக்கிறார். இறந்தவரின் குரலோ காலடியோ கேட்பது துக்கத்தில் சாதாரணம். கொஞ்ச நாளில் தானாகக் குறையும். முரளி இதைச் சொன்னதே சேகருக்குப் பாதி நிம்மதி.

முரளி செய்த காரியம் ரொம்பச் சின்னது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று விட்டிருந்தால் சேகர் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். சில நாள் சிட்டு பற்றிப் பேச்சு, பல நாள் வேறு ஏதோ. பொருட்களை என்ன செய்யட்டும் என்று சேகர் கேட்டபோது, “எல்லாத்தையும் இன்னிக்கே முடிவு பண்ண வேணாம். கண்ணுல படாத இடத்துல வெச்சிடலாம்” என்று சொல்லி இருவருமாக ஒரு பெட்டியில் போட்டு வைத்தார்கள். திரவப் பைகளை மட்டும் பிறகு சேகரே எடுத்துக்கொண்டுபோய், வேறொரு பூனைக்கு ஆகும் என்று மருத்துவமனையில் கொடுத்துவிட்டார்.

அண்ணன் விஷயத்தில் முரளி ஒரு காரியம் செய்தார், அது பலிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு விளக்கப் பார்த்தார். “இதுக்கெல்லாம் ஃபோன் போடுறீங்களா?” என்று அவர் வைத்துவிட்டார். மூன்றாம் ஆளுக்குத் துக்கத்தை நிரூபிக்கப் போவது அநேகமாக வீண் என்பேன். ஒருவர் முழுமையாக நம்பினால் போதும். எல்லாரும் நம்ப வேண்டியதில்லை. குட்டி எடுத்துத் தருகிறேன் என்ற சக ஊழியருக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் முரளியும் சேகரும் பேசிவைத்துக்கொண்டார்கள். “இப்ப வேணாம். வேணும்னா நானே கேட்கிறேன்.” காரணமே சொல்லத் தேவையில்லாத வாக்கியம் ஒன்று கைவசம் இருந்ததால் சேகருக்கு அலுவலகம் கொஞ்சம் சுலபமானது.

நண்பரால் எதுவரை முடியும் என்றும் முரளி கேட்டார். தூக்கமின்மை, பசியின்மை, வேலையில் கவனம் சிதறுவது எல்லாம் முதல் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை. அலை மாதிரி வரும், இடைவெளி கூடிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் இடைவெளி கூடவே இல்லை, குளியலும் சாப்பாடும் நின்றுபோனது, குடி கூடியது, ‘நானும் போயிடறேன்’ என்பதுபோல ஒரு சொல் வந்தது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அந்தச் சொல் வந்தால், ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் திருத்தி வெளியிட்ட நோய்க் கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் வரையறை நெருங்கிய ஒரு மனிதரின் மரணத்தை வைத்தே எழுதப்பட்டது. ஆகவே சில மருத்துவர்களே பூனை என்று கேட்டதும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது பூனையிலிருந்து ஆரம்பிக்காமல், ‘ரெண்டு மாசமா தூங்கல, அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கேன்’ என்று அறிகுறியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. சேகருக்கு அந்தத் தேவை வரவில்லை.

நான்காவது மாதம் சேகர் என்னை வந்து பார்த்தார். ஆலோசனைக்கு இல்லை, இந்தக் குறிப்பை எழுதலாமா என்று நான் கேட்டிருந்ததற்காக. நோட்டைக் கொண்டுவந்திருந்தார். இப்போதும் சில இரவுகளில் அழுகை வருகிறது என்றார், ஆனால் அதைச் சொல்லும்போது தலையைக் குனியவில்லை. ஒன்பது மணி அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தன. வேறு பூனை வளர்ப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. அவராகவே, இப்போதைக்கு இல்லை என்றார். எழுதலாம், ஆனால் ஜன்னல் ஏறின நாளையும் சேர்த்து எழுதுங்கள் என்பது அவர் போட்ட நிபந்தனை.